அப்பா உயில் எழுதாமல் போனால் கம்பெனி யார் கையில்? குமரி மாவட்டக் குடும்பங்களுக்கான சட்ட விளக்கம்

குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் ஒரு முந்திரி ஆலை என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப்பேச்சில் அண்டியாபீஸ். நாற்பது வருடம் முன்பு அப்பா தொடங்கியது, பிறகு அதைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்தார். மொத்தம் 10,000 பங்குகள். அப்பா பெயரில் 6,300, ஆலையைக் கூட இருந்து நடத்தும் மூத்த மகன் பெயரில் 2,700, அம்மா பெயரில் 1,000. அப்பாவும் மூத்தவரும்தான் இயக்குநர்கள். அடுத்து ஒரு மகள், திருமணமாகித் தக்கலையில் இருக்கிறார். கடைசி மகன் வளைகுடாவில். அப்பா உயில் எழுதாமலே இறந்துவிடுகிறார். ஆட்கள் கற்பனை, ஆனால் இந்தக் கணக்கு நம் பக்கத்துப் பல வீடுகளுக்குப் பொருந்தும்.

பதினாறாம் நாள் முடிந்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு பெரும்பாலும் இதுதான்: "தங்கச்சிக்குத்தான் சீதனம் கொடுத்து அனுப்பியாச்சே, அவளுக்கு இதில் என்ன?" இந்தக் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்றால், அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய சட்டமே இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே 1916இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகன் இருக்கும் வீட்டில் மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்துவிட்டால் அதுவும் இல்லை. இந்தச் சட்டம் இன்னும் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று தீர்ப்புச் சொன்னது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. 1951 ஏப்ரல் 1 முதலே இந்தப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்பது அந்தத் தீர்ப்பு. சட்டம் மாறி இத்தனை வருடமாகியும் பேச்சு மட்டும் மாறவில்லை.

புதிய சட்டத்தில் கணக்கு எளிது. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சரிசமம், ஆண் பெண் வித்தியாசம் இல்லை. சீதனத்தைக் கழிக்கலாமா என்றால் கழிக்க முடியாது. உயிரோடு இருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்த பணத்தையோ சொத்தையோ, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தைப் பங்கிடும்போது கணக்கில் எடுக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 49ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. மகளுக்குக் கொடுத்த நகைக்கும் இதே விதி, இளைய மகனை வளைகுடாவுக்கு அனுப்பச் செலவழித்த பணத்துக்கும் இதே விதி.

ஆக, அப்பாவின் 6,300 பங்குகளில் அம்மாவுக்கு 2,100, மூன்று பிள்ளைகளுக்கும் தலைக்கு 1,400. ஏற்கெனவே இருந்ததோடு கூட்டினால் மூத்தவர் 4,100, அம்மா 3,100, மகள் 1,400, இளையவர் 1,400. இந்துக் குடும்பம் என்றால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவியும் பிள்ளைகளும் ஆளுக்கொரு சம பங்கு, அதாவது 1,575. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு சம பங்கு உண்டு, அப்போது 6,300 ஐந்தாகப் பிரியும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரீஅத் பங்குமுறை. அது தனிக் கணக்கு என்பதால் இங்கே தொடவில்லை.

சரி, பங்கு இவ்வளவு என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் கம்பெனியின் உறுப்பினர் பதிவேட்டில் பெயர் ஏறும்வரை அந்தப் பங்குக்குக் குரல் கிடையாது. சண்டைகள் கிளம்புவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். பெரும்பாலான கம்பெனிகளின் விதிகளில் இருக்கும் வாசகம், வாரிசுக்கு டிவிடெண்ட் உண்டு, ஆனால் பெயர் பதியும்வரை கூட்டத்தில் ஓட்டுப் போட முடியாது என்பது. அப்படியானால் அப்பாவின் 6,300 பங்கும் இப்போது ஊமை. பேசக்கூடிய ஓட்டு மூத்தவரின் 2,700, அம்மாவின் 1,000 மட்டும். சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் ஓட்டு போதும் என்பதால், 27 சதவீதம் வைத்திருப்பவர் தற்காலிகமாகக் கம்பெனி முழுவதையும் நடத்தலாம்.

அவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. இயக்குநர் பதவி வாரிசாக யாருக்கும் வராது. பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும், போர்டு கூட்டம் செல்லவும் குறைந்தது இரண்டு பேர் இருக்கவேண்டும். மிச்சமிருக்கும் ஒற்றை இயக்குநர் இரண்டு காரியம்தான் செய்யலாம்: இன்னொரு இயக்குநரைச் சேர்க்கலாம், அல்லது பொதுக்கூட்டத்தைக் கூட்டலாம். அதற்கு முன்பே அவர் தனியாகப் போர்டு தீர்மானம் எழுதி வங்கிக் கணக்கை மாற்றியிருந்தால் அது நிற்காது. வழக்கமாக நடப்பது, மூத்தவர் தன் மனைவியைக் கூடுதல் இயக்குநராகச் சேர்த்துக்கொள்வது. விதிகள் அனுமதித்தால் அது சட்டப்படி சரிதான், ஆனால் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் வரைக்கும்தான். அங்கே பதவியை உறுதிசெய்ய ஓட்டு வேண்டும். அந்தக் கூட்டத்துக்கும் குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் நேரில் வரவேண்டும். நம் கணக்கில் உயிரோடு இருக்கும் உறுப்பினர்கள் இருவரே என்பதால், கம்பெனி விதிகள் வேறு மாதிரிச் சொல்லாதவரை, அம்மா வராமல் கூட்டமே இல்லை. அம்மாவிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்டால் அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஆகவே மகளும் இளையவரும் முதலில் செய்யவேண்டியது தங்கள் பெயரைப் பதியவைப்பது. இறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது யார் யார் வாரிசு என்று சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. அதை வைத்துக் கம்பெனிக்கு எழுத்தில், பதிவுத் தபாலில், 'டிரான்ஸ்மிஷன்', அதாவது இறந்தவரின் பங்குகளை வாரிசு பெயருக்கு மாற்றுவது, கேட்டு மனு அனுப்பவேண்டும். இது விற்பனை அல்ல என்பதால் பங்கு மாற்றப் பத்திரமோ முத்திரைத்தாளோ தேவையில்லை. தகராறு இருந்தால் கம்பெனி சக்ஸஷன் சர்டிபிகேட் கேட்கும். அது தாசில்தார் தருவதல்ல, நீதிமன்றம் தருவது. மாதக்கணக்கில் ஆகும், கடன் மற்றும் பங்குகளின் மதிப்பை வைத்து நீதிமன்றக் கட்டணமும் உண்டு. கம்பெனி மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தோடு எழுதவேண்டும். மறுப்பு வந்த 30 நாளுக்குள், பதிலே வராவிட்டால் மனு போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள், சென்னையில் உள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பதிவுத் தபால் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இந்த 60 நாளை எண்ணத்தான்.

"அண்ணன்தான் நாமினி, எல்லாம் அவருக்கே" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். நாமினி பங்குகளைக் கையில் வாங்குபவர், சொந்தக்காரர் அல்ல, வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

உண்மையில் பயப்படவேண்டியது வேறொன்று. பெயர் பதியாத இந்த மாதங்களில் கம்பெனி புதிய பங்குகளை வெளியிடலாம். இருக்கும் பங்குக்கு ஏற்றபடி உறுப்பினர்களுக்கு முதலில் கொடுக்கவேண்டும் என்பது விதி. அப்பாவின் 6,300 பங்குக்கான கடிதம் பதிவேட்டில் இருக்கும் அப்பாவின் முகவரிக்கே, அதாவது மூத்தவர் குடியிருக்கும் வீட்டுக்கே வரும். யாரும் பதில் போடாமல் கெடு முடிந்தால் அந்தப் பங்குகள் வேறு கைக்குப் போகும். 1,400 என்ற எண்ணிக்கை குறையாது, ஆனால் மொத்தம் 10,000 என்பது 20,000 ஆகிவிட்டால் 14 சதவீதம் 7 ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஆலை வாசலில் போய் நிற்கவேண்டியதில்லை. mca.gov.in தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களை யாரும் பார்க்கலாம். PAS-3 என்றால் புதிய பங்கு ஒதுக்கீடு, DIR-12 என்றால் இயக்குநர் மாற்றம். அப்பா இறந்த தேதிக்குப் பிறகு இவற்றில் ஏதாவது தாக்கலாகியிருந்தால் உடனே வக்கீலைப் பார்க்கவேண்டியதுதான். பத்தில் ஒரு பங்கு மூலதனம் உள்ளவர் ஒடுக்குமுறை, முறைகேடு என்று தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மகளுக்கு 14 சதவீதம் உண்டு. பெயர் இன்னும் பதிவேட்டில் ஏறாத வாரிசும் இப்படிப் போகலாம் என்று 1989லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் மூத்தவர் திடீரென்று ஓர் உயிலை நீட்டி, அது உண்மையா பொய்யா என்ற சண்டை வந்தால், தீர்ப்பாயம் அதைச் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லவும் வாய்ப்புண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, மூத்தவர் தரப்பு. 14 சதவீதம் கையில் இருந்தாலும் கம்பெனி டிவிடெண்ட் அறிவிக்காவிட்டால் வருமானம் இல்லை, வெளியாளுக்கு விற்கவும் விதிகள் விடாது. ஆனால் ஆலை நிற்கும் நிலம் பெரும்பாலும் கம்பெனி பெயரில் இருக்காது, அப்பா பெயரில் இருக்கும். அதில் மகளுக்கு ஒன்பதில் இரண்டு பங்கு. அதனால் சமரசம் என்று உட்கார்ந்தால் ஒருவர் பங்குகளை எடுத்து மற்றவர்கள் நிலத்தை எடுப்பதுதான் பெரும்பாலும் நடைமுறை. நிலம் பதிவாகவேண்டும். குடும்பத்துக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு.

பங்கு பற்றிய ஒப்பந்தத்தை வெறும் பத்திரத்தில் எழுதி வைத்தால் போதாது. இரண்டு சகோதரர் குடும்பங்களின் கம்பெனி ஒன்றில், பங்குகளை அந்தந்தக் கிளைக்குள்ளேதான் விற்கவேண்டும் என்று பேசிவைத்திருந்தார்கள். அது கம்பெனி விதிகளில் எழுதப்படாததால் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று 1991இல் ரங்கராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விதிகளைத் திருத்தக் கூட்டத்தில் விழும் ஓட்டில் 75 சதவீதம் வேண்டும். நம் கணக்கில் மூத்தவருக்கு 41, அம்மாவுக்கு 31, இருவரும் சேர்ந்தாலும் 72. ஆக, தங்கையும் தம்பியும் இருவருமே எதிர்த்து ஓட்டுப் போட்டால் திருத்தம் இல்லை.

அந்த 31 அம்மாவிடம் இருக்கும்வரை யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அம்மாவும் உயில் எழுதாமல் போனால் 3,100 பங்கும் மூன்று பிள்ளைகளுக்குப் பிரியும், தலைக்கு 1,033, ஒரு பங்கு மிச்சம். மூத்தவரின் 4,100 அப்போது 5,133 ஆகும்.