புழுவெட்டு: புழு இல்லாத நோய்க்கு வந்த பெயர்

திருகோணமலையில் தலைமயிர் வட்டமாகக் கொட்டினால் அதை முதலில் காண்பவர் பெரும்பாலும் சலூன்காரர்தான். என் அக்காவின் மகனுக்கும் அப்படித்தான் நடந்தது. பத்தொன்பது வயதுப் பெடியன். முடிவெட்டப் போனவனின் பின்னந்தலையில் இரண்டு ரூபாக் குத்தி அளவில் ஒரு வெறும் இடம் இருந்தது. கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டிய சலூன்காரர், "தம்பி, புழுவெட்டு. அம்மாட்டச் சொல்லுங்கோ" என்றார்.

அந்த ஒரு சொல் வீட்டுக்கு வந்ததும் அக்கா செய்த முதல் வேலை, அவனுக்குப் பூச்சிக் குளிசை கொடுத்தது. சீப்பையும் தலையணை உறையையும் கொதிநீரில் போட்டாள். பிறகு யாரோ சொன்னார்கள் என்று உள்ளியை வெட்டி அந்த இடத்தில் தேய்த்தாள். மூன்றாம் நாள் தோல் வெந்து கொப்புளம் வந்தது. அக்காவில் பிழை சொல்ல மாட்டேன். புழு என்று பெயர் இருந்தால், எந்தத் தாயும் புழுவைத்தான் கொல்லப் பார்ப்பாள்.

புழு அரித்த இலையைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிவரப் பச்சை இருக்க, நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. தலையிலும் அப்படியே தெரிவதால் கண்ணால் கண்டதை வைத்து நம் முன்னோர் இட்ட பெயர் புழுவெட்டு. உவமையாக அது அழகான சொல். ஆனால் உவமை காலப்போக்கில் காரணமாகிவிட்டது.

மருத்துவர்கள் எழுதும் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. அதற்கும் இதே கதைதான். கிரேக்கத்தில் அலோபெக்ஸ் என்றால் நரி. சொறி பிடித்த நரிக்குத் திட்டுத் திட்டாக மயிர் கொட்டும், அதைப் பார்த்து வந்த சொல் அலோபீசியா. நரியின் சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உண்ணி. மனிதனின் இந்த நோய்க்கு உண்ணியும் இல்லை, புழுவும் இல்லை. தலையின் பின்புறமும் காதுகளுக்கு மேலும் பட்டையாக மயிர் போகும் வகைக்கு ஓபியாசிஸ் என்று பெயர், அது கிரேக்கத்தில் பாம்பைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. மயிர் திரும்ப முளைக்க அதிகம் அடம்பிடிப்பது இந்தப் பட்டை வகைதான்.

பெயரின் இரண்டாம் பாதியே எனக்குப் பிடித்தது. இலத்தீனில் ஏரியா என்றால் வெறும் நிலம், சூடடிக்கும் களம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ் இந்த நோயை அந்தச் சொல்லால் விவரித்தார். 1763இல் பிரெஞ்சு மருத்துவர் சோவாஜ் இரண்டையும் சேர்த்து இன்றைய பெயரை ஆக்கினார். தம்பலகாமத்து வயல் நடுவே, பயிர் நிற்கும் நிலத்துக்குள் புல்லில்லாமல் வட்டமாகக் கிடக்கும் களத்தை நினைத்துப் பாருங்கள். இந்தப் பாதியில் எந்த மிருகமும் இல்லை, கண்ட வடிவம் மட்டுமே இருக்கிறது.

உண்மையில் நடப்பது என்ன? நம்மைக் காக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, மயிரின் வேர்க்குமிழை அந்நியன் என்று நினைத்துச் சுற்றி வளைக்கிறது. தாக்கப்பட்ட வேர் மயிரை வளர்ப்பதை நிறுத்திவிடுகிறது. ஆனால் வேர் சாவதில்லை, தோலில் தழும்பும் விழுவதில்லை. அதனால்தான் மயிர் திரும்ப முளைக்க இடமிருக்கிறது. தாக்குவது நம் சொந்த அணுக்களே என்பதால் இது ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் மாட்டாது. அக்கா சீப்பைக் கொதிக்க வைத்திருக்கத் தேவையில்லை.

உள்ளிப் புண் ஆறியபின் தோல் கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். மருத்துவர் வெளிச்சம் உள்ள ஓர் உருப்பெருக்கியைத் திட்டின் விளிம்பில் வைத்துவிட்டு, "வந்து பாருங்கோ அம்மா" என்று அக்காவைக் கூப்பிட்டார். பிறகு நானும் பார்த்தேன். நெல்மணி நீளம்கூட இல்லாத குட்டை மயிர்கள், நுனி தடித்து, அடி மெலிந்து நின்றன. ஆச்சரியக்குறி மயிர் என்றே அவற்றுக்குப் பெயர். வேர் நலியும்போது மயிர் அடியில் மெலிந்து ஒடிவதன் அடையாளம் அது. நோய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் காட்டும். புழுவெட்டு என்ற சொல்லில் 'வெட்டு' மட்டும் அரைவாசி உண்மை என்று அப்போது தோன்றியது. பிறகு அவர் விளிம்பு மயிரை மெல்ல இழுத்துப் பார்த்தார், நகங்களில் ஊசி குத்தியது போலக் குழி இருக்கிறதா என்றும் பார்த்தார்.

இப்படிப் பார்க்காமல் கடையில் கிறீம் வாங்கிப் பூசக் கூடாததற்கு ஒரு காரணம் உண்டு. சிறுபிள்ளைகளின் தலையில் பூஞ்சைத் தொற்றும் வட்டமாகவே மயிரைக் கொட்டவைக்கும். ஆனால் அதில் செதில் உரியும், கடிக்கும், மயிர் ஒடிந்து கரும்புள்ளியாக நிற்கும். அதற்கு வாரக்கணக்கில் குடிக்கும் மருந்து வேண்டும், ஸ்டீரொயிட் கிறீம் பூசினால் பரவும். புழுவெட்டின் தோலோ வழுவழுப்பாக, செதிலில்லாமல் இருக்கும்.

மருமகனுக்கு மருத்துவர் தேர்ந்தது ட்ரையம்சினலோன் என்னும் ஸ்டீரொயிட் ஊசி. மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் என்று ஐதாக்கி, மெல்லிய ஊசியால் சுமார் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் நாலு குத்து, குத்துக்கு 0.1 மில்லிலீற்றர். கூட்டிப் பார்த்தால் மொத்த மருந்து 2 மில்லிகிராம்தான். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்வார்கள். மருந்து கூடினால் அல்லது ஒரே புள்ளியில் குவிந்தால் தோல் பள்ளமாகும். பெரும்பாலும் அது மாதக்கணக்கில் நிரம்பிவிடும். ஆறு மாதமாகியும் ஒன்றும் முளைக்காவிட்டால் ஊசியைத் தொடர்வதில் பயனில்லை. ஊசிக்குப் பயப்படும் சின்னப் பிள்ளைகளுக்கு க்ளோபெற்றசோல் போன்ற வீரியமான கிறீமைத் திட்டில் மட்டும் மெல்லியதாகப் பூசக் கொடுப்பார்கள். மயிர் வளரத் தூண்டும் மினொக்சிடில் துணைக்கு வரும், தனியே அது நோயை நிறுத்தாது.

தலையில் பாதிக்கு மேல் கொட்டியவர்களுக்கு வழி வேறு. டைபென்சிப்ரோன் என்ற மருந்தைப் பூசி வேண்டுமென்றே தோலில் சிறு ஒவ்வாமையை உண்டாக்கி, அணுக்களின் கவனத்தை வேரிலிருந்து திருப்பும் முறை ஒன்று. மற்றது குளிசை: 2022இல் அமெரிக்காவில் பாரிசிற்றினிப் அனுமதி பெற்றது. அது தாக்கும் அணுக்களுக்குப் போகும் சைகையையே மறிக்கிறது. தொடங்குமுன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இடையிடையே இரத்தம் சோதிப்பார்கள், நிறுத்தினால் பலருக்குத் திரும்பக் கொட்டும். ஒரு குத்தி அளவுத் திட்டுக்கு அது தேவையே இல்லை.

ஒன்றிரண்டு திட்டு மட்டும் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, ஒன்றும் செய்யாமலே ஒரு வருடத்துக்குள் மயிர் முளைத்துவிடும். உள்ளிக்கும் எண்ணெய்க்கும் நல்ல பெயர் வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரி, தமிழில் எதைச் சொல்வது? வட்ட வழுக்கை என்று சிலர் எழுதுகிறார்கள். வழுக்கு என்ற வேரில் அந்த வழுவழுப்பு இருப்பது பொருத்தம்தான். ஆனால் வழுக்கை என்றதும் நம் மனதுக்கு வருவது திரும்பாத வழுக்கை. திட்டுகள் சேர்ந்துவிட்டால் வட்டமும் கலைந்துபோகும். எழுத்தில் 'திட்டு முடியுதிர்வு' என்பதே சரி என்பது என் முடிவு. உதிர்ந்தது முளைக்கலாம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பேச்சில் புழுவெட்டு இருக்கட்டும், எல்லாருக்கும் புரியும் சொல் அது. பூச்சிக் குளிசை மட்டும் வேண்டாம்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு திட்டின் நடுவில் பூனைமயிர் போல வெள்ளையாக முளைத்தது. அக்கா அதற்கும் பதறினாள். முதலில் நிறமில்லாமல் வருவதுதான் வழமை, கறுப்பு பிறகு ஏறும் என்றார் மருத்துவர். "இனி வராதுதானே டொக்டர்?" என்று கேட்டதற்கு, "வரலாம் அம்மா. அதே இடத்திலயோ வேற இடத்திலயோ வரலாம். கண்டவுடன கொண்டு வாங்கோ" என்றார். இப்போதும் முடிவெட்டப் போனால் சலூன்காரர் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் அவனை எழும்ப விடுகிறார்.