ஹோல்ட்: ‘பிடிப்பு’ அல்ல, ‘தரிப்பு’

அனிமேஷன் ஆசிரியர் ஒருவர் மாணவருக்கு எழுதிய குறிப்பு இது: “உன் பாத்திரம் ஓயாமல் அசைகிறது, அதுவும் ஒரே சீராக. மூன்று இடங்களில் நகரும் பிடிப்பு வை.” மாணவர் என்ன செய்தார் தெரியுமா? ‘நகரும்’ என்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சநஞ்சம் சும்மா இருந்த தோளையும் ஆட்டிவிட்டார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். பாத்திரம் ஒரே நிலையில் தங்கி, உயிர் இருப்பது தெரியும் அளவுக்கு மட்டும் அசைவதுதான் ‘மூவிங் ஹோல்ட்’. அதை ‘நகரும் பிடிப்பு’ என்று பாடக்குறிப்பில் அச்சடித்தவரைத்தான் சொல்ல வேண்டும். இந்தச் சொல்லை இன்னும் எத்தனை இடத்தில்தான் பார்ப்பது?

ஹோல்ட் என்பதன் வேர் பழைய ஆங்கிலத்தின் ‘ஹெயால்டன்’. காத்தல், பேணல், மேய்த்தல் என்ற பொருள்களும் அதன் சொற்குடும்பத்துக்கு உண்டு. கையால் இறுக்குவது மட்டுமே அதன் பொருள் அல்ல. கையால் வரைந்த காலத்தில், ஒரே படத்தை மாற்றாமல் பல ஃபிரேம்களுக்குக் கேமராவின் கீழ் வைத்திருப்பதுதான் ஹோல்ட்.

இதற்குப் ‘பிடிப்பு’ எப்படிப் பொருந்தும்? தமிழில் பிடிப்பு என்றால் கைப்பிடி, கொள்கைப்பிடிப்பு, தசைப்பிடிப்பு. பாத்திரத்துக்கு மூன்று இடங்களில் தசைப்பிடிப்பு வேண்டும் என்று எந்த ஆசிரியரும் கேட்கவில்லை. ‘நிறுத்தம்’ என்கிறார்கள் சிலர். அது அசைவு முடிந்துபோனதைச் சொல்கிறது. ‘உறைநிலை’ இன்னும் மோசம், ஏனெனில் ஃபிரேமை அப்படியே உறைய வைப்பது வேறு உத்தி. ‘நகரும்’ என்பதோ முழுப் பிழை. காற்றில் இலை அசைகிறது, நகர்வதில்லை. இடம் மாறினால்தான் நகர்வு. தமிழ் இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதை மொழிபெயர்ப்பாளர் ஏன் கலைக்க வேண்டும்?

என் சொல் ‘தரிப்பு’. தரித்தல் என்றால் ஓரிடத்தில் தங்கி நிற்றல். ஈழத்தமிழர் பேருந்து நிற்கும் இடத்தைத் தரிப்பிடம் என்கிறார்கள். வண்டி அங்கே நின்று மறுபடி புறப்படும். அணிதல் என்ற பொருளில் இது வடசொல் வேரோடு சேர்கிறது என்று தூய்மை பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். மூவிங் ஹோல்ட் என்பது ‘அசைதரிப்பு’.

அந்த மாணவரின் காட்சியையே பார்ப்போம். நொடிக்கு 24 ஃபிரேம், மொத்தம் 96. உட்கார்ந்திருப்பவர் கதவு தட்டும் ஓசை கேட்டுத் திரும்பிப் பார்த்து எழுகிறார். பாத்திரத்தின் நிலையைக் குறித்துவைக்கும் கீயை மாணவர் 12 ஃபிரேமுக்கு ஒன்றாக வைத்திருக்கிறார். தலை திரும்பவும் அரை நொடி, உடல் எழவும் அரை நொடி. மென்பொருள் ஒவ்வொரு கீயிலும் அசைவின் வளைவை ஒரே மாதிரி வழுவழுப்பாக்கிவிடுகிறது. அந்த வளைவுகளைக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்தால் ஒரே உயர அலைகள் வரிசையாகத் தெரியும். பாத்திரம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் மிதக்கிறது. எதை முக்கியமாகப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே குறிப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்: “22 வரை உட்கார்ந்தபடி தரிப்பு. 28-க்குள் தலை சட்டென்று திரும்பட்டும். 52 வரை கதவைப் பார்த்தபடி தரிப்பு. 60 வரை உடல் முன்னால் சாயட்டும், 68-க்குள் எழுந்துவிடட்டும். மீதி முழுவதும் நின்றபடி தரிப்பு.” நடுவில் வைத்த கீகளில் சிலவற்றை அழித்து, மீதியை இந்த ஃபிரேம்களுக்கு நகர்த்தினாலே இது வந்துவிடும். தரிப்பு எட்டு ஃபிரேமுக்கும் குறைந்தால் கண் அந்த நிலையைப் பதிந்துகொள்ளத் திணறும்.

அசைதரிப்பின் வேலை இந்தத் தரிப்புகளுக்குள்தான் இருக்கிறது. முப்பரிமாண உருவத்தில் எல்லாம் ஒரே ஃபிரேமில் நின்றுவிட்டால் பாத்திரம் செத்துவிடும். கோட்டோவியம் அதைத் தாங்கும், இது தாங்காது. அதனால் 28-இல் இருக்கும் நிலையை 52-இல் நகலெடுத்து, தலையை அதே திசையில் ஓரிரு டிகிரி மட்டும் கூட்ட வேண்டும். அந்த மாற்றத்தில் பெரும்பகுதி முதல் சில ஃபிரேம்களிலேயே நடந்து, பிறகு வேகம் தேய வேண்டும். 24 ஃபிரேமுக்கும் அதைச் சமமாகப் பரப்பினால் பழைய மிதப்பு திரும்பிவரும். எதிர்த் திசையில் ஆட்டினாலோ பாத்திரம் தள்ளாடும்.

இதே பாடக்குறிப்பில் ‘ஈஸ் அவுட்’ என்பது ‘எளிதாக வெளியேறு’ என்று வேறு இருக்கிறது. பாத்திர அனிமேட்டர்கள் பலர் ஒரு நிலையை விட்டு மெல்லப் புறப்படுவதை அப்படிச் சொல்கிறார்கள். வலைப்பக்க நிரலில் `ease-out` என்றால் முடிவில் வேகம் குறைவது. மூலத்திலேயே இப்படிக் குழப்பம் இருக்கும் சொல்லை அகராதியின் முதல் பொருளை வைத்துப் பெயர்த்தால் மாணவர் கதி என்ன? ‘மெல்லப் புறப்பாடு’, ‘மெல்லச் சேர்தல்’ என்று எழுதினால் போதும். எந்தக் கீயில் வளைவைத் தட்டையாக்குவது என்று மாணவருக்கு உடனே புரியும்.