கீழே கீழே நகர்ந்த ஸ்டாப் லாஸ்

அந்தத் தம்பி என்னைப் பார்க்க வந்தபோது அவருடைய கணக்கு காலியாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. உட்கார்ந்ததும் போனில் சார்ட்டைத் திறந்து காட்டினார். "டைரக்‌ஷன் சரியாத்தான் சார் பிடிச்சேன். என்னை லிக்விடேட் பண்ணிட்டு அப்புறம் மேலே போயிடுச்சு." நஷ்டம் எல்லை மீறியதால் எக்ஸ்சேஞ்சே அவருடைய பொசிஷனை வலுக்கட்டாயமாக மூடியதைத்தான் அப்படிச் சொன்னார்.

டிரேடர்களின் கணக்குகளைப் பார்த்து ரிஸ்க் எந்த இடத்தில் கைமீறியது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. நஷ்டத்தோடு வருகிற எல்லோரும் முதலில் சார்ட்டைத்தான் காட்டுவார்கள். நான் ஆர்டர் பதிவைக் கேட்பேன். எந்த ஆர்டர் எத்தனை மணிக்குப் போடப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். ஸ்டாப் லாஸ் என்பது, விலை இந்த அளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே போட்டுவைக்கும் ஆர்டர். இவருடைய பதிவில் ஒரே இரவில் அது ஐந்து முறை கீழே இறக்கப்பட்டிருந்தது.

கணக்குப் புரிவதற்காக எண்களைச் சற்று எளிமையாக்கி, கட்டணங்களை விட்டுவிட்டுச் சொல்கிறேன். கணக்கில் 2,000 டாலர். ஒரு டிரேடில் 2 சதவீதத்துக்கு மேல் இழக்கக்கூடாது என்று விதி வைத்திருந்தார். அதாவது 40 டாலர். நல்ல விதிதான். ஒரு கிரிப்டோ காயினின் பெர்பெச்சுவல் ஃப்யூச்சரில், அதாவது காலாவதி தேதி இல்லாத ஒப்பந்தத்தில், விலை ஏறும் என்று நம்பி 100 டாலர் விலையில் 80 காயின் லாங் எடுத்தார். ஸ்டாப் 99.50-ல். அரை டாலர் இறங்கினால் 80 காயினுக்கு 40 டாலர் நஷ்டம். விதிப்படி சரி. மார்ஜின் முறை மட்டும் கிராஸ், அதாவது கணக்கில் இருக்கும் மொத்தப் பணமும் அந்த ஒரு பொசிஷனுக்கு ஈடாக நிற்கும்.

அரை மணி நேரத்தில் விலை 99.55-க்கு வந்தது. ஸ்டாப்பை 98.50-க்கு இறக்கினார். ஒரு டாலர்தானே என்று தோன்றும். ஆனால் காயின் எண்ணிக்கை அதே 80 என்பதால், ஒத்துக்கொண்ட நஷ்டம் 40-லிருந்து 120 ஆகிவிட்டது. சார்ட்டில் கோடு விரலளவுகூட நகரவில்லை, ரிஸ்க் மூன்று மடங்கு. அடுத்து 97, நஷ்டம் 240. அதற்கடுத்து 93.50, நஷ்டம் 520. ஒவ்வொரு மாற்றமும் விலை ஸ்டாப்பைத் தொடுவதற்குச் சற்று முன்புதான் நடந்திருக்கிறது. யாருடைய பதிவிலும் நான் முதலில் தேடும் அடையாளம் இதுதான். சந்தையைப் புதிதாக ஆராய்ந்து ஸ்டாப்பை மாற்றுபவர் ஏதோ ஒரு நேரத்தில் மாற்றுவார். வலியைத் தள்ளிப்போடுபவர் விலை வாசலுக்கு வந்த பிறகுதான் மாற்றுவார்.

ஏன் மாற்றினீர்கள் என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். முதல் முறை, "சும்மா ஒரு விக்னு நினைச்சேன் சார்." சட்டென்று இறங்கி உடனே திரும்பும் அசைவைத்தான் விக் என்றார். அடுத்தது, "98-ல சப்போர்ட் இருந்துச்சு." அப்புறம், "அவ்வளவு தூரம் விட்டாச்சு, இப்ப வெளியே வந்தா வேஸ்ட்டுன்னு தோணுச்சு." கடைசிப் பதிலை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரண்டு நிதித்துறை ஆய்வாளர்கள் 1985-ல் இந்தச் சுபாவத்துக்கு 'டிஸ்பொசிஷன் எஃபெக்ட்' என்று பெயர் வைத்தார்கள்: லாபத்தை அவசரமாக விற்போம், நஷ்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்போம். தம்பி ஒன்றும் விசித்திரமானவர் அல்ல. 2,000 டாலரை வைத்து 8,000 டாலர் பொசிஷன் எடுத்து, அந்தக் கடன் பலத்தில் அதைச் செய்தார் என்பதுதான் ஆபத்து.

இதுவரை நடந்தது மோசம் என்றாலும் கணக்கு சாகவில்லை. விலை 94-ல் இருந்தபோது, ஸ்டாப்புக்கு இன்னும் அரை டாலர் மிச்சமிருக்கையில், ஆவரேஜ் செய்கிறேன் என்று இன்னொரு 80 காயின் வாங்கினார். புதிய ஸ்டாப் 90. என்னைப் பொறுத்தவரை கணக்கை முடித்தது இந்த ஒரு வரிதான்.

அவர் பார்த்தது சராசரி விலையை. 100-லிருந்து 97-க்கு வந்துவிட்டது, இனி 97 வந்தாலே தப்பித்துவிடலாம் என்று நிம்மதியாகியிருக்கிறார். லிக்விடேஷன் விலையை அவர் பார்க்கவில்லை. பொசிஷன் மூடப்படாமல் இருக்கக் கணக்கில் மிஞ்ச வேண்டிய குறைந்தபட்ச ஈடான மெயின்டெனன்ஸ் மார்ஜின், பொசிஷன் மதிப்பில் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதலில் எடுத்த 80 காயினுக்கு லிக்விடேஷன் விலை ஏறத்தாழ 75.75. விலை கால் பங்கு விழுந்தால்தான் அங்கே போகும். 94-ல் பொசிஷன் இரட்டிப்பானதும் அது 85.35-க்கு ஏறிவிட்டது. ஏனென்றால் ஈடாக இருந்த பணம் ஏற்கனவே 1,520 ஆகக் குறைந்திருந்தது, அந்தக் குறைந்த பணம் இப்போது 160 காயினைத் தாங்க வேண்டும். சராசரி 3 டாலர் இறங்கியது, மரண விலை 9 டாலருக்கு மேல் ஏறியது. ஆவரேஜ் செய்கிறவர்கள் வாங்கும் பட்டனை அழுத்துமுன் இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும். பொசிஷன் வரிசையில் தெரிவது இப்போதைய பொசிஷனுக்கான எண்தான், வாங்கிய பிறகு அது எங்கே போகும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விலை 90-ஐ நெருங்கியதும், பழகிய கை ஸ்டாப்பை 85-க்கு இறக்கியது. 85 என்பது 85.35-க்குக் கீழே. அதாவது அந்த ஸ்டாப் வேலை செய்யும் முன்பே லிக்விடேஷன் வந்துவிடும். அவர் மனதில் ஸ்டாப் இருந்தது, நிஜத்தில் இல்லை. பொதுவாக லிக்விடேஷனை மார்க் பிரைஸ், அதாவது எக்ஸ்சேஞ்ச் கணக்கிட்டு வைக்கும் நியாய விலை, வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். ஸ்டாப்பைக் கடைசியாக வியாபாரம் நடந்த விலையான லாஸ்ட் பிரைஸில் வைத்திருந்தால் இரண்டும் பரபரப்பான நேரத்தில் கொஞ்சம் விலகும். ஆகவே லிக்விடேஷன் விலைக்குச் சற்று மேலே வைத்த ஸ்டாப்பைக்கூட நான் நம்பமாட்டேன்.

விடிவதற்கு முன் மார்க் பிரைஸ் அந்த அளவைத் தொட்டது. 1,864 டாலர் நஷ்டம். மிச்சமிருந்த சுமார் 136 டாலரும் லிக்விடேஷன் கட்டணத்திலும் மோசமான விலையில் மூடியதிலும் போய்விட்டது. காலையில் விலை 92-க்குத் திரும்பியது. அதைத்தான் அவர் 'டைரக்‌ஷன் சரி' என்றார். அவருடைய சராசரி 97 என்பதை நினைவுபடுத்தினேன். உயிரோடு இருந்திருந்தாலும் அந்தக் காலையில் அவர் 800 டாலர் நஷ்டத்தில்தான் இருந்திருப்பார்.

பிறகு நான் கேட்டது முதல் ஸ்டாப்பைப் பற்றி. "ஏன் 99.50?"

"80 காயின் வாங்கணும்னா ரெண்டு சதவீதக் கணக்குக்கு அங்கதான் சார் வரும்."

வேர் இங்கேதான் இருந்தது. எவ்வளவு வாங்க வேண்டும் என்பதை ஆசை முதலில் முடிவு செய்தது, ஸ்டாப் அதற்கேற்ப வளைந்தது. அந்தக் காயின் சாதாரண நாளிலேயே ஒரு மணி நேரத்தில் ஒரு டாலர் மேலும் கீழும் போகும். அரை டாலர் தூரத்தில் வைத்த ஸ்டாப் தொடப்படும் என்பது அவருக்கும் உள்ளுக்குள் தெரியும். அதனால்தான் அதை மதிக்க மனம் வரவில்லை. அதற்கு முந்தைய தாழ்ந்த புள்ளி 97.20. அதற்குக் கீழே, 97-ல், ஸ்டாப் வைத்திருந்தால் தூரம் 3 டாலர். 40-ஐ 3-ஆல் வகுத்தால் 13 காயின். அப்படி எடுத்திருந்தாலும் அந்த இரவில் ஸ்டாப் அடித்திருக்கும், 39 டாலர் போயிருக்கும். வேகமாக விழும் சந்தையில் சொன்ன விலையிலேயே ஸ்டாப் நிறைவேறாது என்பதால் ஓரிரு டாலர் கூடுதலாகவும் போயிருக்கலாம்.

"வெறும் பதிமூணா சார்?" என்றார். அந்த எண் அவருக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

நான் பதிவின் கடைசி வரியைக் காட்டினேன். 85.00-ல் வைத்த ஸ்டாப் லாஸ், 160 காயின். அதற்கு நேரே 'நிறைவேறியது' என்று இல்லை. மூடுவதற்குப் பொசிஷனே இல்லாததால் சிஸ்டம் அதைத் தானாக ரத்து செய்திருந்தது. அவர் அந்த வரியை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறார்.