வட்டிக்குக் காப்பீடு கிடையாது

காரைக்குடியில் ஒரு கடன் விண்ணப்பத்தின் தமிழ்ப் படிவத்தில் மறுபடியும் கண்ணில் பட்டது: "வட்டிக் காப்பீட்டு விகிதம்". படித்துப் பார்த்த அரிசி மில்காரர், இதற்குப் பிரீமியம் யார் கட்டுவது என்று கேட்டார். அவர்மேல் தப்பே இல்லை, காப்பீடு என்றால் நமக்கு இன்ஷூரன்ஸ்தான்.

படிவம் சொல்ல வந்தது ஆங்கிலத்தின் இன்ட்ரஸ்ட் கவர். அது வட்டியும் வரியும் கழிக்குமுன் வரும் லாபத்தை அந்த ஆண்டு வட்டியால் வகுத்தால் கிடைப்பது. வட்டியைப் போல லாபம் எத்தனை மடங்கு என்பதுதான் கணக்கு, அதனால் நான் "வட்டி மடங்கு" என்றே எழுதுகிறேன்.

கடனை உடையவரின் முதலால் வகுக்கும் டெட்-ஈக்விட்டி ரேஷியோவுக்கு எழுதும் "கடன் பங்கு விகிதம்" இன்னும் மோசம். ஈக்விட்டி என்பது லத்தீனில் சமம், நியாயம் என்று தொடங்கிய சொல். அடமானச் சொத்தை மீட்கும் உரிமைக்கு ஆங்கிலச் சட்டத்தில் அந்தப் பெயர் வந்து, பிறகு கடன் போக உடையவருக்கு மிஞ்சுவது என்று ஆனது. பங்கே இல்லாத தனியாள் கடைக்கும் அது உண்டு. பங்கு என்று எழுதினால் பங்கு மூலதனத்தை மட்டும் போட்டுவிட்டு, வருஷக்கணக்காகத் தொழிலிலேயே விட்டுவைத்த லாபத்தைச் சேர்க்க மறக்கிறார்கள், விகிதம் வீணாக ஏறிவிடுகிறது. பாடநூலில் வரும் "புற அகப் பொறுப்புகள் விகிதம்" பொருளில் சரி, ஆனால் கடன் கேட்டு வந்தவருக்கு அதையும் ஒருவர் விளக்க வேண்டும். செட்டிநாட்டு வட்டிக்கடைக் கணக்கில் உடையவர் போட்டது "முதல்". அப்புறம் ஏன் வேறு சொல் தேட வேண்டும்? கடன், சொந்த முதல் விகிதம், அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்று: சொந்த முதல் 40 லட்சம், கடன் 40 லட்சம், விகிதம் 1. வட்டி 12 விழுக்காடு, அதாவது 4.8 லட்சம். லாபம் 6 லட்சம் என்றால் மடங்கு 1.25. மழை நீண்டு லாபம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே எல்லாம் வட்டிக்குப் போய்விடும். பக்கத்தில் ஒரு இரும்புக் கடை: முதல் 20, கடன் 60, விகிதம் 3. வட்டி 7.2, லாபம் 25.2, மடங்கு 3.5. வட்டி தாராளமாக வரும், ஆனால் 80 லட்சச் சொத்தின் மதிப்பு கால்வாசி விழுந்தால் சொந்த முதல் முழுக்கப் போச்சு. பட்டறைக்கு அது பாதி விழ வேண்டும்.

கடன் கொடுப்பவர் இரண்டையும் சேர்த்துப் படிப்பது இதற்காகத்தான். மடங்கு, வட்டி வருமா என்று சொல்கிறது. விகிதம், வராவிட்டால் அசல் தேறுமா என்று சொல்கிறது. செட்டிநாட்டு வட்டிக்கடைக்காரர்கள் பர்மாவில் இதை நேரில் பார்த்தார்கள். 1930-களில் நெல் விலை விழுந்தது, வட்டி நின்றது, அசலுக்கு நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையிலிருந்த நிலம் 1930-இல் 6 விழுக்காடு, 1938-க்குள் 25. ஈடு இருந்தது, ஆனால் வட்டி கட்ட வருமானம் இல்லை.