சந்தேக மெயிலை ஃபார்வர்ட் செய்யாதீர்கள், இணைத்து அனுப்புங்கள்

ஒரு திங்கட்கிழமை காலை, கணக்குப் பிரிவில் ஒரு மேடத்துக்கு 'சம்பளத் திருத்தப் பட்டியல்' என்று ஒரு மெயில் வந்தது. பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம். அது சரியான சந்தேகம்தான். ஆனால் "இது நிஜமா? யாராவது பாருங்க" என்று மேலே ஒரு வரி எழுதி, பிரிவில் இருந்த 11 பேருக்கும் எங்கள் ஐடி குழுவுக்கும் அதை ஃபார்வர்ட் செய்துவிட்டார். அரைமணி நேரத்தில் 2 பேர் லிங்க்கை அழுத்தியிருந்தார்கள். அதில் ஒருவர் பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "மேடம் அனுப்பியிருந்தாங்களே சார்" என்றார்.

ஃபார்வர்டில் நடப்பது இதுதான். அறிமுகமில்லாத முகவரி போய், தெரிந்தவர் பெயர் அனுப்புநர் இடத்துக்கு வந்துவிடுகிறது. லிங்க் மட்டும் உயிரோடு அப்படியே இருக்கிறது. மேலே எழுதிய கேள்வியை அவசரத்தில் எத்தனை பேர் படிப்பார்கள்?

எங்களுக்கும் அதனால் பயனில்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் பின்னால் ஹெடர் என்று ஒரு பகுதி உண்டு. எந்த வழியாக வந்தது, பதில் எங்கே போகும் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். சாதாரண ஃபார்வர்ட் ஒரு புது மெயில் என்பதால், பழைய ஹெடர் அதனுடன் வராது. நாங்கள் தேடுவது இது போன்ற வரிகளை:

```
From: "HR Desk" <hr@salary-desk.example>
Return-Path: <x71@bulk-mailer.example>
Message-ID: <5f2a91@bulk-mailer.example>
```

பெயர் மனிதவளத் துறை என்கிறது. மெயில் போய்ச் சேராவிட்டால் தகவல் திரும்பிப் போகும் முகவரியான Return-Path வேறு எங்கோ காட்டுகிறது. Message-ID என்பது பதிவுத் தபால் எண் மாதிரி. அதையும் அனுப்புநர் முகவரியையும் வைத்துத் தேடினால் அதே மெயில் வேறு யார் யாருக்கு வந்திருக்கிறது என்று பார்த்து, அவர்கள் திறக்கும் முன்பே எடுத்துவிடலாம். ஸ்கிரீன்ஷாட்டில் இது எதுவும் தெரியாது.

சரி, எப்படி அனுப்புவது? அவுட்லுக்கில் உங்கள் ஐடி குழுவுக்குப் போகும்படி அமைத்த Report பட்டன் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் கணினி அவுட்லுக்கில் மெயிலைத் தேர்ந்தெடுத்து Ctrl+Alt+F அழுத்துங்கள். மூல மெயில் ஒரு கோப்பாக இணைந்து வரும். ஜிமெயிலை பிரவுசரில் திறந்து மெயிலைத் தேர்ந்தெடுத்தால், மேலே வரும் மூன்று புள்ளி மெனுவில் Forward as attachment இருக்கும். மெயிலைத் திறந்தால் அதன் மெனுவில் இருக்கும் Report phishing கூகுளுக்குத் தெரிவிப்பது. அது உங்கள் ஐடி குழுவின் கண்ணில் படுமா என்பது அலுவலகத்தில் எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் குழுவுக்கும் தனியாக அனுப்பிவிடுங்கள். போன் ஆப்பில் இந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டு, கணினிக்கு வரும்வரை மெயிலை அழிக்காமல் வையுங்கள். லிங்க்கை எழுதிக் காட்ட வேண்டியிருந்தால், யாரும் தவறி அழுத்திவிடாதபடி இப்படி உடைத்து எழுதுங்கள்:

```
hxxps://salary-desk[.]example/login
```

அதோடு சில வரி எழுதினால் போதும். அந்த மேடம் இரண்டு மாதம் கழித்து எனக்கு அனுப்பியது இது:

"காலை 10.12க்கு வந்தது. லேப்டாப்பில் பார்த்தேன். லிங்க்கை அழுத்தினேன், லாகின் பக்கம் வந்தது. பாஸ்வேர்ட் போடவில்லை, மூடிவிட்டேன். பக்கத்து சீட்டுக்கும் இதே மெயில் வந்திருக்கிறது."

"அழுத்தினேன்" என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் நன்றி சொன்னேன். அதைத்தான் பலரும் மறைக்கிறார்கள், திட்டு விழுமோ என்ற பயத்தில். நாங்கள் தேடுவது குற்றவாளியை அல்ல, நேரத்தை. பாஸ்வேர்டோ ஓடிபியோ கொடுத்துவிட்டீர்கள் என்றால் மெயில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உடனே போன் செய்யுங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. உள்ளே நுழைந்தவர் ஏற்கெனவே லாகினில் இருக்கலாம், அந்த இணைப்பையும் துண்டிக்க வேண்டும். உங்கள் மெயில்பெட்டியில் அவர் ஏதாவது விதி போட்டு, வரும் பதில்களை வேறு ஃபோல்டருக்குத் திருப்பியிருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். இன்பாக்ஸில் பதிலே வராததால் பலருக்கு இது நாள்கணக்கில் தெரிவதில்லை.

முதல் சம்பவத்தில் பாஸ்வேர்ட் கொடுத்தவரின் பெட்டியில் அப்படி ஒரு விதி இருந்தது. 'இன்வாய்ஸ்' என்ற சொல் வரும் மெயிலெல்லாம் அவர் திறந்தே பார்க்காத ஒரு ஃபோல்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் எங்களிடம் சொன்னது மறுநாள் மதியம். இரண்டாவது முறை, மேடம் 10.20க்கு இணைத்து அனுப்பினார். மதிய உணவுக்கு முன்பே அந்த மெயிலை மற்ற எல்லாப் பெட்டிகளிலிருந்தும் எடுத்துவிட்டோம்.