1.58 கிராமில் எத்தனை துகள்கள்? மோல் கணக்கில் நேரும் ஒரு பிழை

கல்லூரி ஆய்வகங்களில் பல ஆண்டுகள் கரைசல்கள் தயாரித்தும் பிறர் தயாரித்ததைச் சரிபார்த்தும் வந்ததில், மோல் என்பதை மாணவர்கள் ஓர் எடையாகவே மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். "ஒரு மோல் என்றால் எவ்வளவு?" என்று கேட்டால் உடனே கிராமில் ஒரு விடை வரும். உண்மையில் மோல் ஓர் எண்ணிக்கை: ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். முன்பு 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு வரையறுக்கப்பட்டிருந்த இந்த அலகு, 2019 மே 20 முதல் எந்தப் பொருளின் எடையையும் சாராமல் எண்ணாகவே வரையறுக்கப்பட்டுள்ளது.

இவ்வளவு துகள்களை யாராலும் எண்ண முடியாது என்பதால் நாம் தராசை நாடுகிறோம். ஒரே அளவுள்ள போல்ட்டுகளை ஆயிரக்கணக்கில் விற்பவர், ஒரு போல்ட்டின் எடை தெரிந்திருந்தால் மூட்டையை நிறுத்தே எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார் அல்லவா, அதே வழிதான் இதுவும். ஆனால் ஒரு போல்ட்டின் எடையைத் தவறாக எடுத்துக்கொண்டால், தராசு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எண்ணிக்கை தவறும். வேதியியலில் அந்த 'ஒன்றின் எடை'க்கு நிகரானது மோலார் நிறை, அதாவது ஒரு மோல் பொருளின் கிராம் எடை. அதைத் தவறாக எடுக்கும் வாய்ப்பு, படிகத்துக்குள்ளேயே பிணைந்திருக்கும் படிக நீர் உள்ள சேர்மங்களில்தான் மிக அதிகம்.

ஓர் ஆய்வகத்தில் நான் கண்ட நிகழ்வு இது. 250 மில்லிலிட்டர் அளவுக்குடுவையில் 0.05 மோலார், அதாவது லிட்டருக்கு 0.05 மோல் உள்ள ஆக்சாலிக் அமிலக் கரைசல் தயாரிக்க வேண்டும். அதற்கு 0.0125 மோல், அதாவது சுமார் 7.5 × 10²¹ மூலக்கூறுகள் தேவை. புட்டியில் இருந்ததோ H₂C₂O₄·2H₂O. ஒவ்வோர் அமில மூலக்கூறும் இரண்டு நீர் மூலக்கூறுகளுடன் சேர்ந்து படிகத்தில் அமர்ந்திருப்பதால் அதன் மோலார் நிறை 126.07 கிராம், எடுக்க வேண்டியது 1.576 கிராம். மாணவர் புட்டியைப் பார்க்காமல் அமிலத்தின் வாய்பாட்டை மட்டும் நினைவிலிருந்து எழுதி, 90.03 என்று கணக்கிட்டு, 1.125 கிராம் எடுத்துக் கரைத்துவிட்டார்.

அந்தக் கரைசலில் 20 மில்லிலிட்டரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, அமிலம் தீர்ந்ததும் இளஞ்சிவப்பாக மாறும் பினாப்தலீன் சேர்த்து, முன்பே 0.1 மோலார் என்று உறுதிசெய்த சோடியம் ஹைட்ராக்சைடைப் பியூரெட்டிலிருந்து விட்டார்கள். ஓர் ஆக்சாலிக் அமில மூலக்கூறுக்கு இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகள் தேவை. ஆகவே இளஞ்சிவப்பு 20 மில்லிலிட்டரில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியதோ 14.3 மில்லிலிட்டரில். மூன்று முறையும் அளவு மாறவில்லை. அதனால் கைப்பழக்கத்தைக் குறைசொல்ல வழியில்லை. கரைசலிலேயே துகள்கள் குறைவு. 14.3-ஐ 20-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.71 வருகிறது, 90.03-ஐ 126.07-ஆல் வகுத்தாலும் அதுவேதான் என்பதைக் காட்டியதும் அவருக்குப் பிழை புரிந்தது. ஹைட்ராக்சைடின் செறிவு முன்பே தெரியாமல் இருந்திருந்தால், அதன் செறிவை 0.14 என்று எழுதிவிட்டு எவரும் ஐயமின்றிப் போயிருப்பார்கள்; அதுதான் இந்தப் பிழையின் ஆபத்து.

எதிர்த்திசையிலும் இதே பிழை நேரும். எடைபோடுவதற்கு முன் 'ஈரம் போகட்டும்' என்று படிகத்தை 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்தால், போவது மேலோட்டமான ஈரம் மட்டுமன்று, படிக நீரும்தான். அதன் பிறகு 126.07-ஐ நம்பி 1.576 கிராம் எடுத்தால், நீர் முழுவதும் போயிருக்கும்போது 0.0175 மோல் அமிலம் குடுவைக்குள் இருக்கும். பியூரெட் 28 மில்லிலிட்டர் காட்டும். நீர் பாதியளவு போயிருந்தால் இடைப்பட்ட ஏதோ ஓர் அளவு வரும், அப்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம். (ஆக்சாலிக் அமிலம் நச்சு என்பதும், சூட்டில் ஆவியாகிப் படியக்கூடியது என்பதும் இந்தப் பழக்கத்தைக் கைவிட வேறொரு காரணம்.)

எதை எண்ணுகிறோம் என்பதைச் சொல்லாத மோலுக்குப் பொருளில்லை. இப்பொருளின் 1 மோல் படிகத்தில் 1 மோல் அமில மூலக்கூறுகள், 2 மோல் நீர் மூலக்கூறுகள், காரத்தோடு வினைபுரியும் 2 மோல் ஹைட்ரஜன்கள் இருக்கின்றன. மூன்றும் ஒரே படிகத்தின் கணக்குதான், ஆனால் பியூரெட் பதில்சொல்வது கடைசிக்கு மட்டுமே. அதனால், எங்கள் ஆய்வகத்தில் கரைசல் புட்டியின் ஒட்டுத்தாளில் செறிவுக்குக் கீழே, எடைபோட்ட பொருளின் முழு வாய்பாட்டையும் பயன்படுத்திய மோலார் நிறையையும் எழுதாமல் எந்தக் கரைசலையும் அலமாரியில் வைக்க நான் அனுமதிப்பதில்லை.