டாலரில் இன்வாய்ஸ், வெள்ளியில் வரி: இடையில் விழும் வித்தியாசம் யார் கணக்கில்?

ஜனவரி மாதக் கடைசி வாரம். சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்தும் தம்பி ஒருவர் வங்கி அறிக்கையை என் மேசையில் விரித்து வைத்தார். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்கு ஜிஎஸ்டி எஃப்5 படிவத்தை ஜனவரி 31க்குள் தாக்கல் செய்தாக வேண்டும். நவம்பரில் அவர் எழுதிய ஒரு டாலர் இன்வாய்ஸுக்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் பணம் வந்திருந்தது. எதிர்பார்த்ததைவிட ஐந்நூறு வெள்ளிக்கு மேல் குறைவு.

“அக்கா, வந்த காசுக்குத்தானே வரி? அதையே எழுதிவிடலாமா?”

கையில் வராத காசுக்கு வரி கட்ட யாருக்கும் மனம் வராது. ஆனாலும் எழுதக் கூடாது. சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதிப்படி, வெளிநாட்டு நாணயத்தில் எழுதிய இன்வாய்ஸுக்கு ஜிஎஸ்டி எவ்வளவு என்பது பணம் வரும் நாளில் முடிவாவதில்லை. விற்பனை நடந்ததாகச் சட்டம் கருதும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. பொதுவாக, இன்வாய்ஸ் எழுதிய நாள், பணம் பெற்ற நாள் இரண்டில் எது முந்தியதோ அதுதான் அந்த நாள். தம்பியின் விஷயத்தில் இன்வாய்ஸ் முந்தியது. ஒருவேளை வாடிக்கையாளர் முன்பணம் கொடுத்திருந்தால், அந்த முன்பணத்துக்கு மட்டும் அது வந்த நாளின் நாணய மாற்று விகிதம் பொருந்தும்.

அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். விகிதங்களை எளிதாகப் புரியும்படி மாற்றியிருக்கிறேன். வாடிக்கையாளர் சிங்கப்பூரிலேயே இருக்கும் ஒரு வட்டாரத் தலைமையகம். அவர்களுடைய பட்ஜெட் அமெரிக்க டாலரில் ஓடுவதால் இன்வாய்ஸையும் டாலரில் கேட்டார்கள். டாலரில் எழுதினாலும் விற்பனை உள்நாட்டு விற்பனைதான், 9 விழுக்காடு வரி உண்டு. நவம்பர் 15 அன்று 10,000 டாலர், வரி 900 டாலர், ஆக மொத்தம் 10,900 டாலருக்கு இன்வாய்ஸ் போனது. அன்றைய விகிதம் 1.3500.

அந்தத் தாளில் டாலர் தொகைகள் மட்டும் இருந்தால் அது முழுமையான வரி இன்வாய்ஸ் ஆகாது. மூன்று தொகைகளை வெள்ளியிலும் காட்ட வேண்டும்: வரிக்கு முந்தைய தொகை 13,500 வெள்ளி, வரி 1,215 வெள்ளி, இரண்டும் சேர்ந்து 14,715 வெள்ளி. ஒவ்வொரு வரிசைப் பொருளையும் மாற்றிக் காட்டத் தேவையில்லை, இந்த மொத்தங்கள் போதும். இதை வெறும் சடங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவர் தன் பக்கம் உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கோரப்போவது இந்த 1,215 வெள்ளியைத்தான். அது தாளில் இல்லையென்றால் அவர் தன் மென்பொருளில் இருக்கும் வேறு ஒரு விகிதத்தைப் போட்டு வேறு ஒரு தொகையைக் கோருவார். ஒரே விற்பனைக்கு நீங்கள் ஒரு வரி கட்ட, அவர் இன்னொரு வரி கோருவார்.

விகிதத்தை எங்கிருந்து எடுப்பது? சிங்கப்பூரில் செயல்படும் வங்கிகள், இங்கு வெளியாகும் நாளிதழ்கள், சிங்கப்பூர் நாணய ஆணையம், சிங்கப்பூர்ச் சுங்கத்துறை ஆகியவற்றின் விகிதங்கள் எல்லாம் ஏற்கப்படுகின்றன. ஒவ்வொரு நாளும் புதிய விகிதம் போட வேண்டும் என்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது புதுப்பித்தால் போதும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் உள்கணக்குக்கும் ஜிஎஸ்டிக்கும் ஒரே முறைதான், அதையும் குறைந்தது ஓராண்டுக்கு மாற்றாமல் பின்பற்ற வேண்டும். லாபமாகத் தெரியும் விகிதத்தை இன்வாய்ஸுக்கு இன்வாய்ஸ் பொறுக்கி எடுக்கிற வேலை நடக்காது. ரூபாயில் இன்வாய்ஸ் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நாணய ஆணையத்தின் பட்டியலில் இந்திய ரூபாய்க்கு எதிரே இருப்பது நூறு ரூபாய்க்கான வெள்ளி மதிப்பு. அதை ஒரு ரூபாய்க்கு என்று படித்து நூறு மடங்கு விற்பனையைப் பதிவு செய்த கணக்கை நானே திருத்தியிருக்கிறேன்.

இனி பணம் வந்த நாளுக்கு வருவோம். ஜனவரி 20, விகிதம் 1.3050. டாலர் கணக்கில் விழுந்தது 10,900 அல்ல, 10,880. அந்த நாள் விகிதத்தில் அது 14,198 வெள்ளி 40 காசு. இன்வாய்ஸில் இருந்த 14,715 வெள்ளியோடு ஒப்பிட்டால் 516 வெள்ளி 60 காசு குறைகிறது. தம்பி இந்த முழுத் தொகையையும் ‘நாணய நட்டம்’ என்று ஒரே வரியில் எழுதி வைத்திருந்தார். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. வாடிக்கையாளரின் கணக்கை முதலில் டாலரில் பாருங்கள். டாலரில் பாக்கி எதுவும் இல்லாமல் வெள்ளியில் மட்டும் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தால், அதுதான் நாணய மாற்று வித்தியாசம். டாலரிலேயே பாக்கி இருந்தால் அதற்கும் விகிதத்துக்கும் சம்பந்தமில்லை. இங்கே டாலரில் 20 குறைகிறது. வாடிக்கையாளரிடம் கேட்டதில், அனுப்பும்போது கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளும் `SHA` முறையைத் தேர்ந்திருந்தார்கள், வழியில் வங்கி 20 டாலரைப் பிடித்துக்கொண்டது என்று தெரிந்தது. அதை நாமே ஏற்றுக்கொண்டால் 26 வெள்ளி 10 காசு வங்கிக் கட்டணம் என்ற செலவில் போகும். ஏற்க விருப்பமில்லை என்றால் அந்த 20 டாலர் வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியாகவே நிற்கும். முழுக் கட்டணத்தையும் அனுப்புகிறவரே ஏற்கும் `OUR` முறையில் அனுப்ப வேண்டும் என்று இன்வாய்ஸின் அடியில் ஒரு வரி சேர்த்தால் அடுத்த முறை இந்தப் பேச்சே எழாது. எப்படியானாலும் வங்கி பிடித்ததற்காக ஜிஎஸ்டி குறையாது.

மீதமுள்ள 490 வெள்ளி 50 காசுதான் உண்மையான நாணய நட்டம். 10,900 டாலரை இரண்டு விகிதங்களுக்கும் இடையிலான 0.0450 ஆல் பெருக்கினால் அதே எண் வரும். வராவிட்டால் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள்.

வரித்தொகையான 900 டாலருக்கு ஜனவரியில் கிடைத்த மதிப்பு 1,174 வெள்ளி 50 காசுதான். ஆனாலும் அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் கட்ட வேண்டியது 1,215 வெள்ளி. அந்த 40 வெள்ளி 50 காசு தம்பியின் கையிலிருந்து போகிறது. அநியாயம் என்றார். டாலர் ஏறியிருந்தால் கூடுதலாக வந்ததை ஆணையத்துக்குக் கொடுத்திருப்பாரா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். இதைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் விற்பனைத் தொகையை டாலரிலும் வரியை மட்டும் வெள்ளியிலும் செலுத்தும்படி வாடிக்கையாளரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். சிங்கப்பூர் வாடிக்கையாளரிடம் வெள்ளிக் கணக்கு இருக்கும் என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

நட்டத்தை ஈடுகட்ட கிரெடிட் நோட் எழுதலாமா என்பது அடுத்த கேள்வி. கூடாது. விற்பனையின் விலை மாறவில்லை, மாறியது நாணயத்தின் விலை. உண்மையிலேயே விலையைக் குறைத்துக் கிரெடிட் நோட் எழுத நேர்ந்தால், அதற்கும் பழைய இன்வாய்ஸில் இருந்த 1.3500 விகிதத்தையே பயன்படுத்த வேண்டும்.

அந்த 490 வெள்ளி 50 காசு எஃப்5 படிவத்தில் இடம்பெறும், ஆனால் அடுத்த காலாண்டில். பணம் வந்து உறுதியான நாணய லாபமும் நட்டமும் வரிவிலக்குப் பெற்ற விற்பனையாகக் கருதப்பட்டு 3ஆம் பெட்டிக்குப் போகின்றன. அந்தக் காலாண்டின் லாபநட்டங்களை எல்லாம் கூட்டிக் கழித்து நிகரத் தொகையை எழுத வேண்டும். வேறோர் இன்வாய்ஸில் 120 வெள்ளி லாபம் வந்திருந்தால் நிகர நட்டம் 370 வெள்ளி 50 காசு. அதைக் கழித்தல் குறி இல்லாமல் எழுத வேண்டும் என்பது பலருக்கு விசித்திரமாகத் தோன்றும், ஆனால் விதி அப்படித்தான். வரிவிலக்கு விற்பனை என்றதும் உள்ளீட்டு வரியை வெட்டிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. சாதாரண வியாபாரத்தில் இப்படித் தற்செயலாக வரும் நாணய மாற்று ஜிஎஸ்டி ஒழுங்குவிதி 33இன் பட்டியலில் அடங்குவதால், அதன் பொருட்டு உள்ளீட்டு வரி குறைவதில்லை.

நடுவில் ஒரு டிசம்பர் 31 வந்துபோனதை மறக்கக் கூடாது. தம்பியின் கணக்காண்டு அன்றுதான் முடிகிறது. வரவேண்டிய டாலர் பாக்கியை ஆண்டின் கடைசி நாள் விகிதத்தில் மறுமதிப்பிட வேண்டும் என்கிறது நிதி அறிக்கைத் தரம் 21. அன்றைய விகிதம் 1.3200 என்று கொண்டால், 14,715 வெள்ளியாக இருந்த பாக்கி 14,388 ஆகிறது. 327 வெள்ளி நட்டம் அந்த ஆண்டின் லாபநட்டக் கணக்கில் விழுகிறது. மீதி 163 வெள்ளி 50 காசு பணம் வந்த அடுத்த ஆண்டில் விழும். இரண்டையும் கூட்டினால் பழைய 490 வெள்ளி 50 காசு.

காகிதத்தில் மட்டும் இருக்கும் இந்த 327 வெள்ளியை வருமான வரியும் ஜிஎஸ்டியும் வெவ்வேறாகப் பார்க்கின்றன. வருமான வரியில், அன்றாட வியாபாரத்தில் எழும் நாணய வித்தியாசம் கணக்குப் புத்தகத்தைப் பின்பற்றும். பணம் வந்தாலும் வராவிட்டாலும், லாபநட்டக் கணக்கில் ஏறிய ஆண்டிலேயே லாபமென்றால் வரி உண்டு, நட்டமென்றால் கழித்துக்கொள்ளலாம். இந்த முறை வேண்டாம் என்று நிறுவனம் விலகத் தெரிவு செய்திருந்தால் மட்டும் கதை வேறு. கடன் வாங்கி இயந்திரம் வாங்குவது போன்ற மூலதன விவகாரங்களில் எழும் வித்தியாசத்துக்கு வரியும் இல்லை, கழிவும் இல்லை. ஜிஎஸ்டியோ பணம் வராத வித்தியாசத்தைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே 327 வெள்ளி டிசம்பர் காலாண்டின் 3ஆம் பெட்டிக்குப் போகாது. ஜனவரி-மார்ச் காலாண்டில் எழுதுவது 163 வெள்ளி 50 காசும் அல்ல. இன்வாய்ஸ் நாளிலிருந்து பணம் வந்த நாள் வரையிலான முழு 490 வெள்ளி 50 காசு. கணக்கு மென்பொருள் ஆண்டுக் கடைசி மறுமதிப்பீட்டை ஜனவரி 1 அன்று திருப்பிப் போடும்படி அமைக்கப்பட்டிருந்தால் இந்த எண் தானாகவே சரியாக வரும். அப்படி அமைக்காவிட்டால் கையால்தான் கூட்ட வேண்டும்.

வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருந்து, சேவை சுழிய வரிக்குத் தகுதி பெற்றால் பாதித் தலைவலி குறையும். வரித்தொகையே இல்லை, வரி இன்வாய்ஸும் கட்டாயமில்லை. ஆனால் விற்பனை மதிப்பை இன்வாய்ஸ் நாள் விகிதத்தில் வெள்ளியாக மாற்றி 2ஆம் பெட்டியில் காட்ட வேண்டும். நாணய வித்தியாசம் அப்போதும் 3ஆம் பெட்டிக்கே போகும்.

தம்பியின் பழைய படிவங்களையும் புரட்டினோம். முந்தைய இரண்டு காலாண்டுகளில் வந்த காசை வைத்தே வரி எழுதியிருந்தார், சில இடங்களில் கூடுதலாகவும் சில இடங்களில் குறைவாகவும். நிகர வரித் தவறு 3,000 வெள்ளியைத் தாண்டாமலும், வரியல்லாத தொகைகளில் உள்ள தவறு அந்தந்தக் காலாண்டின் மொத்த விற்பனையில் 5 விழுக்காட்டைத் தாண்டாமலும் இருந்தால் அடுத்த எஃப்5 படிவத்திலேயே சரிசெய்துவிடலாம். தாண்டினால் எஃப்7 என்ற திருத்தப் படிவம் வேண்டும். அவருடையது எல்லைக்குள் இருந்தது. திருத்தக் கணக்கையும், ஒவ்வொரு இன்வாய்ஸோடும் அந்த நாளின் விகிதப் பட்டியலையும் அச்சிட்டுக் கோப்பில் போடச் சொன்னேன். அந்தக் கோப்பை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.